கணக்கில் வராத கண்கள்

2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு ஒரு சான்றிதழ் வழங்கியது. டிரகோமா என்ற கண் நோய், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைவிட்டு இந்த நாட்டில் நீங்கிவிட்டது என்று அது சொன்னது. தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் நேபாளம், மியான்மருக்குப் பிறகு இதைப் பெற்ற மூன்றாவது நாடு நாம். தமிழ்நாட்டில் பலருக்கு இந்த நோயின் பெயரே பழக்கமில்லை. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் கண்களைப் பறித்துவந்த நோய் இது. மத்திய அரசு 1963லேயே இதற்கென்று தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

இந்தச் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன், எத்தனை லட்சம் மாத்திரை கொடுத்தீர்கள், எத்தனை முகாம் நடத்தினீர்கள் என்பதை வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை. ஊருக்குள் போய், வீட்டுக் கதவைத் தட்டி, குழந்தைகளின் இமையைத் திருப்பிப் பார்த்தார்கள். பெரியவர்களின் இமை முடி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். அதே கண்டிப்பை இந்தியாவின் மிகப் பெரிய பார்வைப் பிரச்சினையான கண்புரையிடம் நாம் காட்டுகிறோமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நாடு முழுவதும் ஆண்டுக்கு அறுபது லட்சத்துக்கும் மேல் கண்புரை அறுவைச் சிகிச்சைகள் நடக்கின்றன. ஆனால், 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் காணப்பட்ட பார்வையிழப்பில் 66 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம் என்று தெரியவந்தது. இவ்வளவு ஆபரேஷனுக்குப் பிறகும் எப்படி?

இமைக்குள் ஒரு தழும்பு

முதலில் டிரகோமாவைப் பார்த்துவிடலாம். அதை அளந்த விதத்தில்தான் கண்புரைக்கான பாடம் இருக்கிறது.

கிளமிடியா டிராகோமாட்டிஸ் என்ற பாக்டீரியா இதற்குக் காரணம். பீளை வடியும் குழந்தையின் முகத்திலிருந்து அம்மாவின் முந்தானைக்கும், அங்கிருந்து தங்கையின் கண்ணுக்கும் அது போகும். கண்ணில் வந்து உட்காரும் ஈயும் அதைத் தூக்கிச் செல்லும். ஒரு தடவை வந்தால் பெரிய கேடில்லை. குழந்தைப் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால்தான் மேல் இமையின் உட்புறம் தழும்பேறும். ஆண்டுகள் போகப் போகத் தழும்பு சுருங்கி, இமையின் விளிம்பை உள்பக்கமாக இழுக்கும். இமை முடிகள் கருவிழியில் உரசும். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் உரசும். கடைசியில் கருவிழி வெளுத்துப் பார்வை போய்விடும். தொற்று ஐந்து வயதில், பார்வை போவது நாற்பது வயதுக்கு மேல். குழந்தைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள் பெண்கள் என்பதால் அவர்களுக்கே இது அதிகம்.

இதற்கு உலக அளவில் நான்கு முனைச் சிகிச்சை வகுத்திருக்கிறார்கள். உள்ளே திரும்பிய இமைக்கு அறுவைச் சிகிச்சை, ஊர் முழுவதற்கும் அஸித்ரோமைசின், குழந்தைகளின் முகத்தைக் கழுவிச் சுத்தமாக வைப்பது, தண்ணீர் வசதியும் கழிப்பறையும். நோய் உள்ளவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பக்கத்து வீட்டிலிருந்து மறுபடி தொற்றும் என்பதால்தான் ஊருக்கே மருந்து. தராசு தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று, கோடு போட்ட உயரக் குச்சியைக் குழந்தையின் பக்கத்தில் நிறுத்தி மருந்தின் அளவை முடிவுசெய்வார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் டெட்ராசைக்ளின் களிம்பு.

கார் நிகோபார் தீவில் நடந்ததைச் சொன்னால் இது எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். 2010ல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அங்கே குழந்தைகளைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் இருந்தது. நாட்டில் டிரகோமா அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்று நம்பியிருந்த காலம் அது. தீவு முழுக்க ஆண்டுக்கு ஒரு தடவை வீதம் மூன்று சுற்று அஸித்ரோமைசின் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். குழந்தைகளிடம் நோய் 7 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. ஆனால் பெரியவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இமை முடி உள்ளே திரும்பியிருந்தது. மாத்திரை, தொற்றை நிறுத்தும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்காது. குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தீவில் வேலை முடியப்போகிறது என்று நினைத்திருப்போம்.

இதனால்தான் ஒழிப்புக்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளில், மேல் இமையின் நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத கொப்புளங்கள் குறைந்தது ஐந்து இருந்தால் அது நோய்க் கணக்கு. அது 5 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் இமை முடி உள்ளே திரும்பியவர்கள் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவுகோலில் ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது. மருத்துவத் துறைக்குத் தெரியாமல் இருப்பவர்களைத்தான் எண்ண வேண்டும். ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்தவர், வேண்டாம் என்று மறுத்தவர், தேதி குறித்துக் காத்திருப்பவர் ஆகியோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சுகாதாரத் துறையின் பார்வையே படாதவர்கள் எத்தனை பேர் என்பதே அங்கே கேள்வி.

இந்தியாவில் 2014 முதல் 2017 வரை 27 மாவட்டங்களில் நடந்த ஆய்வு, குழந்தைகளிடம் நோய் 0.7 சதவீதம்தான் என்று காட்டியது. முதல் அளவுகோல் நிறைவேறிவிட்டது. அத்தோடு சான்றிதழ் கிடைத்துவிடவில்லை. 2021 முதல் 2024 வரை இருநூறு மாவட்டங்களில் இமை முடி உள்ளே திரும்பிய பெரியவர்களைத் தேடி மறுபடி ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. ஏழு ஆண்டு தாமதம் என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். தாமதம் இல்லை, அதுவும் வேலையின் பாதிதான் என்பது என் கருத்து.

கண்புரைக்கு என்ன கணக்கு?

கண்புரை வேறு மாதிரி. அது தொற்று அல்ல, வயதோடு வருவது. புகைப்பதை நிறுத்தினால், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால், வெயிலில் கண்ணைக் காத்தால் சற்றுத் தள்ளிப்போகலாம். கரைக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் கிடையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றே வழி. ஆகவே இதை ஒழித்துவிட்டோம் என்று எந்த நாடும் ஒருநாளும் சான்றிதழ் வாங்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் புரை விழும் கண்களுக்கு ஈடுகொடுத்து, ஏற்கெனவே தேங்கிப் போனவர்களையும் எட்டிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1976ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது முகாம்தான் பெரிய ஆயுதம். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஆபரேஷன் செய்தார்கள். லென்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். சோடா புட்டிக் கண்ணாடி என்று சொல்வார்களே, அது. தொலைந்தாலோ உடைந்தாலோ ஆபரேஷன் செய்த கண்ணும் பயனற்றுப் போகும். 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த திட்டம், இந்தப் பழக்கத்தை மாற்றியது. முகாமில் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் என்று வேலை நகர்ந்தது. மதுரையில் 1992ல் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் இதே காலத்தில்தான்.

சிகிச்சை மாறியது. அளவுகோல் அவ்வளவு வேகமாக மாறவில்லை. பத்து லட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு எத்தனை ஆபரேஷன் என்பதே இன்றும் மாவட்டக் கூட்டங்களில் முதலில் கேட்கப்படும் எண். அது தேவையான எண்தான், ஆஸ்பத்திரியின் உழைப்பைக் காட்டுகிறது. ஆனால் அந்த ஆபரேஷன் யாருக்கு நடந்தது என்று அதிலிருந்து தெரியாது. நகரத்தில் காரோட்டச் சிரமப்படும் ஒருவரின் இரண்டாவது கண்ணும், தடவித் தடவி நடக்கும் ஒரு பாட்டியின் முதல் கண்ணும் அந்தக் கணக்கில் ஒன்றுக்கொன்று சமம். ஆபரேஷனுக்குப் பின் பார்வை தெரிந்ததா என்பதும் அதில் இல்லை.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எத்தனை தடவை புரட்டினாலும் ஆஸ்பத்திரிக்கு வராதவர் அதில் இருக்கமாட்டார். அவரைக் கண்டுபிடிக்க வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்காக உருவான முறை விரைவுக் கணக்கெடுப்பு. ஒரு மாவட்டத்தில் சில ஊர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஐம்பது பேர் அளவில் வீடு வீடாகப் பார்ப்பார்கள். பார்வையிழப்பின் பெரும்பங்கு ஐம்பதுக்கு மேல் என்பதால்தான் அந்த வயது. திண்ணையிலோ வாசலிலோ ஆளை உட்காரவைத்து, கயிறு கட்டி அளந்த தூரத்திலிருந்து ஆங்கில ஈ எழுத்தைப் பல திசைகளில் திருப்பிக் காட்டுவார்கள். படிக்கத் தெரியாதவரும் விரலால் திசை காட்டிவிடலாம். முதலில் அவர் அன்றாடம் எப்படி இருக்கிறாரோ அப்படியே, கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடியோடு பார்வையை அளப்பார்கள். சரியாகத் தெரியாவிட்டால் நடுவில் சிறு துளையுள்ள அட்டையைக் கண்ணுக்கு முன் பிடிப்பார்கள். துளை வழியே தெளிவாகத் தெரிந்தால் குறை கண்ணாடியால் தீரும் குறை. துளையிலும் தெரியாவிட்டால் கண்ணுக்குள்ளே வேறு கோளாறு. பிறகு டார்ச்சும் ஆப்தல்மாஸ்கோப்பும் வைத்து லென்ஸ் தெளிவா, புரையா, எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்ததா என்று பார்ப்பார்கள்.

முந்நூறு பேரை வைத்து ஒரு கணக்கு

இப்படிக் கிடைத்த தகவலிலிருந்து எட்டல் விகிதம் என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.

கணக்கெடுப்பில், சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 பேருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. 120 பேருக்கு ஒரு கண்ணில் ஆகிவிட்டது, இன்னொரு கண்ணில் பார்வையை மறைக்கும் அளவுக்குப் புரை இருக்கிறது. 80 பேருக்கு இரு கண்ணிலும் புரை, எதுவுமே செய்யவில்லை. ஆக, 300 பேரில் 220 பேரைச் சிகிச்சை எட்டியிருக்கிறது. எட்டல் விகிதம் 73 சதவீதம். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து மறு கண் நன்றாகத் தெரிபவரை இதில் சேர்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எப்போதுமே பார்வையிழக்கும் நிலையில் இருக்கவில்லை. நன்றாகத் தெரிந்தவர்களுக்கே ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து எண்ணிக்கையை ஏற்றினால், இந்த விகிதம் அசையாது.

73 என்பது நல்ல எண் போலத்தான் தோன்றும். இப்போது அந்த 220 பேரையும் மறுபடி அட்டைக்கு முன் உட்காரவைப்போம். ஆபரேஷன் செய்த கண்ணில், அன்றாடம் இருப்பது போலவே, 6/12 வரிசையைப் படிக்க முடிந்தவர்கள் 132 பேர். 300க்கு 132 என்றால் 44 சதவீதம். இதுதான் பலன் தந்த எட்டல் விகிதம். 73க்கும் 44க்கும் இடையே விழுந்தவர்கள் 88 பேர். வண்டியேறி வந்து, ஆபரேஷன் செய்துகொண்டு, சாதனைப் பட்டியலில் இடம்பெற்று, ஆனாலும் சரியாகப் பார்க்க முடியாதவர்கள். சிகிச்சை கிடைத்தவர்களில் பத்தில் நான்கு பேர்.

அவர்களுக்கு என்ன ஆனது? துளை அட்டையை வைத்தால் பலருக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை ஒரு கண்ணாடி, ஆபரேஷனுக்குப் பின் யாரும் பவர் பார்த்துக் கொடுக்கவில்லை. அல்லது கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்காமல் எல்லாருக்கும் ஒரே பவர் லென்ஸை வைத்திருப்பார்கள். சிலருக்கு லென்ஸைத் தாங்கும் பின் சவ்வு சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்கியிருக்கும். யாக் லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம்தான், ஆனால் கண்புரை திரும்ப வந்துவிட்டது என்று நினைத்து வீட்டோடு இருந்துவிடுவார்கள். சிலருக்கு ஆபரேஷனின்போதே அந்தச் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது பின்னால் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கும். இன்னும் சிலருக்கு விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ முன்பே கோளாறு இருந்திருக்கும், புரையை எடுத்தும் பலனில்லை. நான்கு காரணங்களுக்கும் நான்கு தனி மருந்து. முதலாவதற்குக் கண்ணாடி, இரண்டாவதற்கு லேசர், மூன்றாவதற்கு அறுவை அரங்கில் பயிற்சி, நான்காவதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனம். ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் தன் நோயாளிகளை நான்கு முதல் ஆறு வாரங்களில் மறுபடி அழைத்து, பார்வையை அளந்து, காரணத்தை இந்த நான்கில் ஒன்றாகக் குறித்துவைத்தால் எங்கே குறை என்று தானே தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதல், கைவசமுள்ள கண்ணாடியோடு 80 சதவீதக் கண்களாவது 6/18 பார்க்க வேண்டும், 6/60ஐவிட மோசமானவை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னது. 6/12 என்பது அதைவிடக் கடினமான வாசல்.

இந்த முந்நூறு பேரை ஆண், பெண் என்று பிரித்தால் இன்னொரு உண்மை வெளிவரும். பெண்கள் 160 பேர், அவர்களில் சிகிச்சை எட்டியது 108 பேரை. அதாவது 67.5 சதவீதம். ஆண்கள் 140 பேரில் 112 பேர், 80 சதவீதம். இந்த எண்ணும் நான் வைத்துக்கொண்டதுதான் என்றாலும், உலகில் பல நாட்டு ஆய்வுகளில் இடைவெளி இதே பக்கம்தான் சாய்கிறது. அம்மாவை யார் கூட்டிப்போவது, அறுவடை முடியட்டும், புரை இன்னும் முற்றட்டும், எனக்கு இனிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற வார்த்தைகள் கணக்கெடுப்புப் படிவத்தில் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குக் கீழே பதிவாகின்றன. புரை முற்றும்வரை காத்திருக்கச் சொன்னது பழைய காலத்து அறுவைக்குப் பொருந்திய ஆலோசனை. இன்றைய முறையில் முற்றிய கடினமான புரையை எடுப்பதுதான் மேலும் சிரமம்.

அளவுகோலும் பிசகும்

கணக்கெடுப்பிலும் தவறு நேரும். பகலில் வீட்டுக்குப் போனால் நன்றாகப் பார்ப்பவர் வேலைக்குப் போயிருப்பார், பார்வையற்றவர் வீட்டில் இருப்பார். ஆளில்லாத வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால் பார்வையிழப்பு கூடுதலாகத் தெரியும். ஆகவே மாலையில் திரும்பிப் போக வேண்டும், தேர்ந்தெடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேரையாவது பார்த்துவிட வேண்டும். எட்டல் விகிதம், ஆபரேஷன் செய்த கண்கள் எல்லாமே முன்பு பார்வை குறைந்திருந்தன என்று வைத்துக்கொள்கிறது. அது உண்மையில்லாத இடங்களில் விகிதம் சற்று ஊதிக் காட்டும். இருபது ஆண்டுக்கு முன் நடந்த மோசமான ஆபரேஷனும் இன்றைய விகிதத்தில் சேர்வதால், இன்று தரத்தை உயர்த்திய மாவட்டத்தில்கூட எண் மெதுவாகத்தான் ஏறும். பிறவியிலேயே புரையுள்ள குழந்தைகள் ஐம்பது வயதுக் கணக்கில் வருவதே இல்லை, அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும்.

இத்தனை குறைக்குப் பிறகும் வேறு எந்த எண்ணைவிடவும் இது நேர்மையானது என்று நான் கருதுகிறேன். 2021 மே மாதம் உலக சுகாதாரச் சபை, 2030க்குள் பலன் தந்த எட்டல் விகிதத்தை 30 புள்ளிகள் உயர்த்துவது என்று இலக்கு வைத்தது. 2022ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் இந்த விகிதம் கினி-பிசாவில் 3.8 சதவீதம், ஹங்கேரியில் 70.3 சதவீதம் என்று இருந்தது. நம்முடைய கற்பனை மாவட்டம் 44இலிருந்து 74க்குப் போக வேண்டும் என்றால் புதிய ஆபரேஷனை மட்டும் நம்பி முடியாது. மிச்சமிருக்கும் 80 பேரில் ஐம்பது பேருக்கு இதே தரத்தில் ஆபரேஷன் செய்தால், பத்துக்கு ஆறு பேர் வீதம் 30 பேர்தான் நன்றாகப் பார்ப்பார்கள். விகிதம் 54. ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டு பார்வை தெரியாமல் உட்கார்ந்திருக்கும் 88 பேரில் அறுபது பேரைத் தேடிப் போய்க் கண்ணாடியும் லேசரும் கொடுத்தால் அது 74ஐத் தொடும். இதற்கு அறுவை அரங்கு தேவையில்லை. வீடு தேடிப் போகும் ஒரு பார்வைப் பரிசோதகரும், கண்ணாடிக்கு ஒரு நிதி ஒதுக்கீடும், லேசர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டியும் போதும். மாவட்டத் திட்டத்தின் அடுத்த ஆண்டுச் செலவுப் பட்டியலில் இந்த மூன்றுக்கும் தனித்தனி வரி இருக்க வேண்டும். பெண்களுக்கு எத்தனை, ஆண்களுக்கு எத்தனை என்ற இரண்டு கட்டங்களும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.